தேவை ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது பாதுகாப்பு இருப்புக்கு எந்தப் பரவல்?

கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கடையின் சரக்குக் கணக்கை நான் பார்த்துவருகிறேன். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, பாதுகாப்பு இருப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை அல்ல, அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போடுவதற்கு முன் தேவையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான். பாடப்புத்தகங்களிலும் பல மென்பொருள்களிலும் "சராசரியோடு 2 மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டு" என்ற வகையில் இருக்கும் வழிமுறை, தேவை இயல்நிலைப் பரவலில் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. மெதுவாக விற்கும் பொருள்களில் அந்த அனுமானம் பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது. அந்த இடத்தில் என்ன செய்வது என்பதை ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

பொருள் இதுதான்: எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கும் சிறு சக்கரம். மணலும் உப்பும் தின்று அதன் இதழ்கள் ஒடிந்துபோகும். ஒடிந்த இம்பெல்லரைத் துணியில் சுற்றிக்கொண்டு மெக்கானிக் ஒருவர் வந்து, "அண்ணே, இதே சைஸ்ல இருக்கா?" என்று கேட்கும் நேரத்தில், அந்தப் படகு கரையில் நின்றுகொண்டிருக்கும். இருக்கிறது என்றால் அன்றைக்கே கடலுக்குப் போகும். இல்லை என்றால் ஒரு நாளின் மீன்பாடு போயிற்று. அதனால் இந்தப் பொருளில் கையிருப்பு தீர்ந்துபோவதை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 1: எந்த வாரங்களைக் கணக்கில் எடுப்பது

பரவலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தரவைச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் செய்யும் தவறு பின்னால் எந்தச் சூத்திரத்தாலும் சரியாகாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ஏறத்தாழ 9 வாரங்களில் இம்பெல்லரின் விற்பனை வேறொரு தாளத்தில் போகிறது: முதலில் பல வாரம் எதுவும் விற்காது, தடை முடியும் தறுவாயில் எல்லாப் படகும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதால் ஒரேயடியாகக் கேட்பார்கள். இந்த வாரங்களை மற்ற வாரங்களோடு கலந்தால், கிடைக்கும் சாய்வு தேவையின் இயல்பான சாய்வாக இருக்காது. இரண்டு வேறு பருவங்களைக் கலந்ததால் வந்த செயற்கைச் சாய்வாகத்தான் இருக்கும். ஆகவே 52 வாரத்திலிருந்து 9-ஐக் கழித்து 43 வாரத்தோடு தொடங்குகிறோம். தடை நீங்கும் நேரத்துக்கான கொள்முதலைத் தனியாகத் திட்டமிட வேண்டும். அது தேதி தெரிந்த தேவை.

புயல் வாரங்களில் கொஞ்சம் நிதானம் தேவை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு வந்த வெள்ளத்தில் எங்கள் கடை ஒரு வாரம் திறக்கவே இல்லை. அந்த வாரத்தின் பூஜ்யம் தேவையின் பூஜ்யம் அல்ல, எனவே அதை நீக்கினோம். ஆனால் கடல் கொந்தளிப்பால் படகுகள் இரண்டு நாள் போகாத வாரங்களை நீக்கவில்லை. அவை இந்த ஊர்த் தேவையின் பகுதிதான். அவற்றையும் நீக்கிவிட்டால் ஏற்ற இறக்கம் உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும்.

மூன்றாவது, கையிருப்பு இல்லாத வாரங்கள். பில் புத்தகம் சொல்வது விற்றதைத்தான், கேட்டதை அல்ல. வாரம் தொடங்கும்போதே இருப்பு இல்லாமல் இருந்த 2 வாரங்களை நீக்கினோம். நடுவாரத்தில் தீர்ந்துபோன வாரங்களை நீக்கக் கூடாது, ஏனென்றால் அவைதான் தேவை அதிகமாக இருந்த வாரங்கள். அவற்றை எடுத்துவிட்டால் நீண்ட வாலை நாமே வெட்டியவர்களாவோம். இதற்காகவே கல்லாவின் அருகில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். "இல்லை" என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு கேட்பையும் அதில் எழுதி, அந்த வாரத்தின் விற்பனையோடு கூட்டிக்கொள்கிறோம்.

மிஞ்சியவை 40 வாரங்கள். அவற்றின் பதிவு இப்படி:

| ஒரு வாரத்தில் கேட்ட எண்ணிக்கை | 0 | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 12 |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| எத்தனை வாரங்கள் | 14 | 8 | 5 | 5 | 3 | 2 | 1 | 1 | 1 |

படி 2: இரண்டே எண்களை வைத்து வடிவத்தைப் பார்ப்பது

மொத்தம் 80 இம்பெல்லர்கள், 40 வாரம், சராசரி 2. விரிதாளில் `VAR.P` கொடுத்தால் பரவற்படி 6 என்று வரும். `VAR.S` கொடுத்தால் 6.15. கணக்கு எளிதாக இருக்க 6 என்றே வைத்துக்கொள்கிறேன். திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 2.45.

இப்போது இயல்நிலைப் பரவலை நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சராசரி 2, திட்ட விலக்கம் 2.45 உள்ள இயல்நிலைப் பரவல், 21 விழுக்காடு வாரங்களில் தேவை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று சொல்கிறது. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பதைப் போன்ற வாரங்கள் ஐந்தில் ஒன்று என்பது அதன் பொருள். அப்படி எதுவும் நடப்பதில்லை. இல்லாத இடத்தில் இவ்வளவு எடையைக் கொட்டும் பரவல், இருக்கும் இடமான வலப்பக்க வாலில் எடையைக் குறைத்துத்தான் கணக்கைச் சரிக்கட்டும். பாதுகாப்பு இருப்பைத் தீர்மானிப்பது அந்த வலப்பக்க வால்தான்.

இதை விரைவாகச் சோதிக்க ஒரு விகிதம் போதும்: திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுக்க வேண்டும். விகிதம் 0.5 என்றால் இயல்நிலைப் பரவலில் பூஜ்யத்துக்குக் கீழே இருப்பது 2.3 விழுக்காடு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போகப்போக இயல்நிலைப் பரவலைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் இம்பெல்லரில் விகிதம் 1.2. ஆனால் இந்தச் சோதனையை வாராந்தர எண்களில் செய்துவிட்டு அங்கேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அடுத்த படியில் வரும் காப்புக் காலத்தின் எண்களில்தான் கடைசித் தீர்ப்பு.

இரண்டாவது விகிதம், எண்ணி விற்கும் பொருளுக்கு மட்டும்: பரவற்படியைச் சராசரியால் வகுப்பது. அது 1-ஐ ஒட்டி இருந்தால் பாய்சான் பரவல் பொருந்தும். இங்கே 3. பாய்சான் பரவலின்படி சராசரி 2 உள்ள பொருளுக்கு 40 வாரத்தில் 5 அல்லது 6 வாரங்களே பூஜ்யமாக இருக்க வேண்டும். நம்மிடம் 14 இருக்கின்றன. ஆகவே பாய்சானும் போதாது.

பரவற்படி சராசரியைவிடப் பெரியதாக இருக்கும் எண்ணிக்கைத் தேவைக்கு இயல்பாகப் பொருந்துவது எதிர்மறை ஈருறுப்புப் பரவல். பெயர்தான் மிரட்டுகிறது, உள்ளே இருக்கும் கருத்து இந்தத் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் கேட்பவர்கள் பாய்சான் முறையில்தான் வருகிறார்கள், ஆனால் எந்த வேகத்தில் வருகிறார்கள் என்பதே வாரத்துக்கு வாரம் மாறுகிறது. மீன்பாடு நன்றாக இருக்கும் வாரம் எல்லாப் படகும் ஓடும், எஞ்சின் ஓய்வின்றி உழைக்கும், இம்பெல்லரும் தேயும். காற்று எச்சரிக்கை உள்ள வாரத்தில் பாதிப் படகு நிற்கும். அந்த வேகத்தின் ஏற்ற இறக்கம் காமா பரவலில் இருந்தால், மொத்தத் தேவை துல்லியமாக எதிர்மறை ஈருறுப்புப் பரவலாகிறது.

இதற்கு r, p என்று இரண்டு அளவுருக்கள். சராசரியிலிருந்தும் பரவற்படியிலிருந்தும் நேராகக் கிடைத்துவிடும்:

```
p = சராசரி / பரவற்படி
r = சராசரி² / (பரவற்படி − சராசரி)
```

இங்கே p = 2/6, அதாவது மூன்றில் ஒன்று; r = 4/4 = 1. இந்த அளவுருக்களோடு 40 வாரத்துக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் போட்டால் பூஜ்ய வாரங்கள் 13.3, ஒன்று 8.9, இரண்டு 5.9, மூன்று 4.0, நான்கு 2.6, ஐந்து 1.8, எட்டும் அதற்கு மேலும் 1.6. நமது பதிவில் முறையே 14, 8, 5, 5, 3, 2, கடைசியில் 1. காகிதத்தில் பக்கத்தில் பக்கம் எழுதிப் பார்க்கும்போதே பொருத்தம் தெரிந்துவிடுகிறது. 40 வாரத் தரவுக்குப் பெரிய புள்ளியியல் சோதனைகளை நடத்துவதைவிட இந்த ஒப்பீட்டையே நான் நம்புகிறேன். முக்கியமாகப் பூஜ்யங்களின் எண்ணிக்கையையும், வால்பகுதியின் எண்ணிக்கையையும் பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 3: வாரத்திலிருந்து காப்புக் காலத்துக்கு

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். வாராந்தரத் தேவைக்குப் பரவலைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த ஒரு வாரத்துக்கே இருப்பைக் கணக்கிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

நாங்கள் சனிக்கிழமை மாலைதோறும் சென்னைக்கு ஆர்டர் சொல்கிறோம். சரக்கு லாரி பார்சலில் வந்து சேர இரண்டு வாரம் ஆகிறது. இன்று சொல்லும் ஆர்டரைத் தவறவிட்டால், அடுத்த வாய்ப்பு அடுத்த சனிக்கிழமை. அதன் சரக்கு வருவது இன்றிலிருந்து மூன்றாவது வாரம். ஆகவே இன்றைய முடிவு 3 வாரத் தேவையைத் தாங்க வேண்டும். இதுதான் காப்புக் காலம். லீட் டைமை மட்டும் வைத்து 2 வாரம் என்று போடுவது, வாரம் ஒருமுறை ஆர்டர் சொல்லும் கடைகளில் சாதாரணமாக நடக்கும் பிழை.

வாரங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் சராசரியும் பரவற்படியும் 3 மடங்காகும்: சராசரி 6, பரவற்படி 18. p அப்படியே மூன்றில் ஒன்றாக இருக்க, r மட்டும் 3 ஆகிறது. திட்ட விலக்கத்தை 3-ஆல் பெருக்கக் கூடாது. பரவற்படியைத்தான் பெருக்க வேண்டும்.

வாரங்கள் உண்மையிலேயே ஒன்றையொன்று சாராதவைதானா என்பதை அனுமானிக்காமல் பார்த்துவிடலாம். 40 வாரத்தை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த மூன்று வாரங்களைக் கூட்டினால் 38 கூட்டுத்தொகைகள் கிடைக்கும். அவற்றின் பரவற்படியை எடுங்கள். எனக்கு 18-ஐ ஒட்டியே வந்தது. நல்ல மீன்பாடு தொடர்ந்து பல வாரம் நீடிக்கும் பருவங்களில் இது 25-க்கு மேலும் போகலாம். அப்போது 18-ஐ விட்டுவிட்டு, நேரடியாகக் கிடைத்த எண்ணையே போட வேண்டும். பார்சல் வரும் நாள் நிலையில்லாமல் இருந்தாலும் பரவற்படி கூடும்: வாராந்தரச் சராசரியின் வர்க்கத்தை லீட் டைமின் பரவற்படியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். லீட் டைமின் திட்ட விலக்கம் ஒரு வாரம் என்றால் இங்கே 4 × 1 = 4 கூடி 22 ஆகும்.

படி 4: மூன்று பரவல்களிலும் விடையை எடுத்து ஒப்பிடுவது

காமா பரவலுக்கு வடிவ அளவுரு சராசரியின் வர்க்கம் வகுத்தல் பரவற்படி, அதாவது 36/18 = 2; அளவு அளவுரு பரவற்படி வகுத்தல் சராசரி, அதாவது 3. காப்புக் காலத்தில் இருப்பு தீராமல் இருக்கும் வாய்ப்பு, அதாவது சேவை நிலை, 98 விழுக்காடு வேண்டும் என்றால் விரிதாளில் இப்படி:

```
=NORM.INV(0.98, 6, SQRT(18))        → 14.71
=GAMMA.INV(0.98, 2, 3)              → 17.50
=NEGBINOM.DIST(17, 3, 1/3, TRUE)    → 0.982
```

எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்கு விரிதாளில் தலைகீழ்ச் சார்பு இல்லாததால், முதல் எண்ணை ஒவ்வொன்றாக உயர்த்தி, விடை முதன்முதலாக 0.98-ஐத் தாண்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். பல சேவை நிலைகளுக்கு எடுத்த விடைகள் இவை. எல்லாம் மேல்நோக்கி முழுஎண்ணாக்கியவை:

| சேவை நிலை | இயல்நிலை | காமா | எதிர்மறை ஈருறுப்பு |
|---|---|---|---|
| 80% | 10 | 9 | 9 |
| 95% | 13 | 15 | 14 |
| 98% | 15 | 18 | 17 |
| 99% | 16 | 20 | 19 |

இந்த அட்டவணையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாய்ந்த தேவைக்கு இயல்நிலைப் பரவல் எப்போதும் குறைவாகச் சொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வரிசையில் அது ஒன்று அதிகமாகவே சொல்கிறது. வேகமாகக் கிடைக்கும் மலிவான பொருளுக்கு 80 விழுக்காடு போதும் என்று வைத்திருப்பவர், இயல்நிலைப் பரவலால் வீணாகப் பணத்தை முடக்குகிறார். 95 விழுக்காட்டில் எதிர்மறை ஈருறுப்போடு வித்தியாசம் ஒன்றுதான். 99-இல் மூன்று. அதாவது, எவ்வளவு உயர்ந்த சேவை நிலையைக் கேட்கிறோமோ அவ்வளவுக்குப் பரவலின் தேர்வு முக்கியமாகிறது. எந்தப் பரவல் என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன், என்ன சேவை நிலை வேண்டும் என்பதை முதலாளியிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

முன்பு இயல்நிலைக் கணக்கை வைத்து 15 என்று நிர்ணயித்திருந்தோம். 98 விழுக்காடு கிடைக்கும் என்பது நினைப்பு. 50 வாரத்தில் ஒருமுறைதான் தீர்ந்துபோக வேண்டும். எதிர்மறை ஈருறுப்புப் பரவலில் 15-இன் உண்மையான நிலை 96.7 விழுக்காடு, ஏறத்தாழ 30 வாரத்துக்கு ஒருமுறை தீர்ந்துபோகும். இரண்டு இம்பெல்லர்தான் வித்தியாசம். அந்த இரண்டும் இல்லாத நாள்களில் மெக்கானிக்குகள் பைக்கை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே 98 விழுக்காட்டுக்கு எங்கள் இலக்கு 17. பாதுகாப்பு இருப்பு என்பது 17-லிருந்து சராசரித் தேவை 6-ஐக் கழித்த 11. சனிக்கிழமை அலமாரியில் உள்ளதையும், ஆர்டர் சொல்லி இன்னும் வராததையும் கூட்டிப் பார்த்து, 17-க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆர்டர் சொல்கிறோம். வழியில் இருப்பதைக் கூட்ட மறந்தால் ஒரே தேவைக்கு இரண்டு முறை ஆர்டர் போய்விடும்.

விரிதாளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. `NEGBINOM.DIST` சார்பு r-ஐ முழுஎண்ணாக வெட்டிவிடும். இங்கே r தற்செயலாக 3 என்று வந்ததால் பிழை தெரியவில்லை. லீட் டைம் நிலையில்லாமல் பரவற்படி 22 ஆனால் r = 36/16 = 2.25, அதைக் கொடுத்தால் சார்பு 2 என்று எடுத்துக்கொண்டு, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் தவறான விடையைத் தரும். அதற்குப் பதிலாகக் கையால் ஒரு நெடுவரிசை அமைத்துக்கொள்ளலாம். E1-இல் r, E2-இல் p, A2-லிருந்து கீழே 0, 1, 2, 3 என்று எண்கள்:

```
B2:  =$E$2^$E$1
C2:  =B2
B3:  =B2*($E$1+A3-1)/A3*(1-$E$2)
C3:  =C2+B3
```

B3-ஐயும் C3-ஐயும் கீழே இழுத்துவிட்டால், C நெடுவரிசை 0.98-ஐ முதலில் தாண்டும் வரிசையின் A எண்தான் இலக்கு. r = 3, p = 1/3 என்று போட்டு 17-இல் 0.982 வருகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பைத்தானில் `scipy.stats.nbinom.ppf(0.98, r, p)` பின்ன r-ஐ அப்படியே ஏற்கும்.

காமா எப்போது

இம்பெல்லருக்கு எண்ணிக்கைப் பரவல் இருக்கும்போது காமா தேவையில்லை. அட்டவணையில் அது ஒன்று கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம், இடைவெளியின்றி ஓடும் பரவலை முழுஎண்ணுக்குத் தள்ளுவதுதான். அதன் இடம் அளந்து விற்கும் பொருள்கள். எங்கள் கடையில் சில்லறையாக அளந்து ஊற்றும் எஞ்சின் ஆயில் அப்படிப்பட்டது. வாரத்துக்குச் சராசரி 40 லிட்டர், பரவற்படி 800. ஆயில் அந்த வாரத்திலேயே வந்துவிடுவதால் காப்புக் காலம் ஒரே வாரம். வடிவ அளவுரு 1600/800 = 2, அளவு அளவுரு 20. 98 விழுக்காட்டுக்குக் காமா 117 லிட்டர் சொல்கிறது, இயல்நிலை 98 லிட்டர் சொல்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு 20 லிட்டர் கேன்.

காமாவுக்கு ஒரு வரம்பு உண்டு. அது பூஜ்யத்தில் எடையே வைக்காது. விற்பனையே இல்லாத வாரங்கள் நிறைய உள்ள பொருளுக்கு வாராந்தரக் காமாவைப் பொருத்தக் கூடாது. காப்புக் காலத்தின் கூட்டுத்தொகையில் பூஜ்யம் அரிதாகிவிட்டால் அங்கே பொருத்தலாம்.

இயல்நிலைப் பரவலையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காப்புக் காலம் நீள நீளச் சாய்வு குறைகிறது. கால நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இதே இம்பெல்லர் வெளிநாட்டிலிருந்து வந்து காப்புக் காலம் 12 வாரமாக இருந்தால், சாய்வு பாதியாகும். சராசரி 24, திட்ட விலக்கம் 8.5, விகிதம் 0.35. அப்போது மிக உயர்ந்த சேவை நிலை கேட்காதவரை இயல்நிலையே போதும். தேவையின் பரவற்படி சராசரியைவிடக் குறைவாக இருக்கும் பொருள்களுக்கு எதிர்மறை ஈருறுப்பு பொருந்தவே பொருந்தாது. சூத்திரத்தில் r எதிர்க்குறியோடு வந்து நிற்கும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த ஒரு வாரத்தின் 12

பதிவில் 12 என்று ஒரு வாரம் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அந்த வாரம் ஒரு படகு உரிமையாளர் தம் படகுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 8 இம்பெல்லர் வாங்கினார். மற்றவர்கள் வாங்கியது 4. அவர் முன்கூட்டியே சொல்லவில்லை, கடைக்கு வந்துதான் கேட்டார். அதனால் அது தேவையின் பகுதி, கணக்கில் இருக்கிறது.

அவர் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தால் நிலைமை வேறு. முன்கூட்டித் தெரிந்த ஆர்டருக்குப் பாதுகாப்பு இருப்பு வேண்டியதில்லை. தனியாக வரவழைத்துக் கொடுத்துவிடலாம். அப்போது அந்த வாரத்தை 12-க்குப் பதில் 4 என்று எழுத வேண்டும். வாராந்தரச் சராசரி 1.8, பரவற்படி 3.56 ஆகிறது, 3 வாரத்துக்கு 5.4, 10.68. எதிர்மறை ஈருறுப்புப் பரவலில் 98 விழுக்காட்டுக்கான இலக்கு 17-லிருந்து 14-க்கு இறங்குகிறது. ஒரே ஒரு வாரத்தைப் பற்றிய ஒரு தீர்மானம் 3 இம்பெல்லரை மாற்றுகிறது. பரவலை இயல்நிலையிலிருந்து எதிர்மறை ஈருறுப்புக்கு மாற்றியபோது மாறியது 2 மட்டுமே. ஆகவே பட்டியலின் உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களின் பில்களைக் கையில் எடுத்து, யார் வாங்கினார், எத்தனை, ஏன் என்று பாருங்கள். எண் பெரியது என்பதற்காக மட்டும் எதையும் நீக்காதீர்கள். மீண்டும் சொல்லாமல் வரக்கூடியது என்றால் அது இருக்கட்டும்.

படி 5: பின்னோக்கிச் சரிபார்ப்பது

இலக்கு 17 சரிதானா என்று பழைய தரவில் பார்க்க முயன்றால், 38 மூன்று வாரக் கூட்டுத்தொகைகளில் 17-ஐத் தாண்டுவது ஒன்றுகூட இல்லாமல் போகலாம், அல்லது ஒன்று இருக்கலாம். இரண்டிலிருந்தும் எதுவும் தெரியாது. இவ்வளவு சிறிய தரவில் 98 விழுக்காட்டை நேரடியாகச் சோதிக்க இயலாது. அதனால் கீழான நிலையில் சோதிக்கிறோம். எதிர்மறை ஈருறுப்புப் பரவலின்படி 9-ஐத் தாண்டும் வாய்ப்பு 18 விழுக்காடு. 38-இல் ஏறத்தாழ 7 முறை தாண்ட வேண்டும். எனக்கு 8 வந்தது. கூட்டுத்தொகைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால் நான்கைந்து கூடக்குறைய வந்தாலும் கவலை இல்லை. 15 முறை தாண்டியிருந்தால் சராசரியே உயர்ந்துவிட்டது அல்லது வாரங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்று பொருள். படி 3-க்குத் திரும்பிப் போக வேண்டும்.

நாங்கள் இந்தக் கணக்கை ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கிறோம். தடை முடிந்து படகுகள் ஓடத் தொடங்கிய பிறகு ஆகஸ்ட் மாதத்தில் ஒருமுறை, பொங்கல் கழிந்து ஒருமுறை. ஒவ்வொரு முறையும் புதிய r, p, இலக்கு மூன்றையும் பழையவற்றின் பக்கத்தில் எழுதுகிறோம். இலக்கு ஒன்றிரண்டு அசைந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம், நான்குக்கு மேல் அசைந்தால் நோட்டையும் பில்களையும் எடுத்து எந்த வாரம் அதை அசைத்தது என்று தேடுகிறோம்.